படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைக்கும் கேள்விகள்: பொதுவானது நிற்கிறதா, வேறுபட்டது நிற்கிறதா?

மூன்றாவது படத்தில் பொதுவானவை நிற்கின்றனவா, வேறுபட்டவை நிற்கின்றனவா என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

அறிவுத்திறன் தேர்வுகளில், ஒரு வரிசையின் முதல் இரண்டு படங்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மூன்றாவதைக் கண்டுபிடிக்கச் சொல்லும் கேள்விகள் இவை. முழுப் படத்தையும் ஒரே பார்வையில் ஒப்பிட முயலாமல், அதிலுள்ள உறுப்புகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பின்தொடர வேண்டும். உறுப்பு என்று இங்கே சொல்வது ஒரு வட்டம், ஒரு கோடு, ஒரு புள்ளி போன்ற தனித்த பகுதியை. முதல் இரண்டு படங்களைப் பொறுத்தவரை ஓர் உறுப்புக்கு மூன்று நிலைகள்தான் உண்டு: அது இரண்டிலும் இருக்கலாம், முதலாவதில் மட்டும் இருக்கலாம், இரண்டாவதில் மட்டும் இருக்கலாம். இந்த ஒவ்வொரு நிலையிலும் மூன்றாவது படத்தில் அந்த உறுப்பு நிற்கிறதா, மறைகிறதா என்று பார்த்தால் விதி தானாகத் தெரிந்துவிடும்.

இரண்டிலும் இருப்பது நின்று, ஒன்றில் மட்டும் இருப்பது மறைந்தால் அது பொதுமை விதி; பள்ளிக் கணக்கில் கணங்களின் வெட்டு என்று படித்ததுதான். இரண்டிலும் இருப்பது மறைந்து, ஏதேனும் ஒன்றில் மட்டும் இருப்பது நின்றால் அது வேறுபாட்டு விதி, அதாவது சமச்சீர் வித்தியாசம். மூன்று நிலைகளிலும் உறுப்பு நின்றால் அது வெறும் கூட்டல். முதலாவதில் மட்டும் இருப்பது நின்று மற்ற இரண்டு நிலைகளிலும் மறைந்தால் அது கழித்தல். இந்த நான்கையும் பிரித்தறிய மூன்று நிலைகளுக்கும் தலா ஓர் எடுத்துக்காட்டு கிடைத்தால் போதும். அவை பெரும்பாலும் முதல் கிடைவரிசையிலேயே கிடைத்துவிடும்.

ஒவ்வோர் உறுப்பாகப் பார்த்தால் நேரம் போய்விடுகிறதே, இதைவிட விரைவான வழி இல்லையா?

இருக்கிறது. ஒரு கிடைவரிசையின் மூன்று கட்டங்களிலும் ஓர் உறுப்பு எத்தனை முறை வருகிறது என்று எண்ணுங்கள்.

வேறுபாட்டு விதியில் எந்த உறுப்பும் ஒரு வரிசையில் சரியாக இரண்டு முறை வரும், அல்லது வரவே வராது. முதல் இரண்டு படங்களிலும் இருந்தால் மூன்றாவதில் மறைகிறது, ஆக இரண்டு. ஒன்றில் மட்டும் இருந்தால் மூன்றாவதிலும் நிற்கிறது, அப்போதும் இரண்டுதான். பொதுமை விதியில் இதற்கு நேர்மாறாக எண்ணிக்கை மூன்றாகவோ ஒன்றாகவோ இருக்கும், இரண்டாக இருக்கவே முடியாது. ஆகவே வெட்டா, வேறுபாடா என்ற ஐயம் மட்டும் இருக்கும்போது, கண்ணில் படும் ஏதேனும் ஓர் உறுப்பை வரிசை முழுவதும் எண்ணினாலே தீர்ப்பு கிடைத்துவிடுகிறது.

கூட்டலும் கழித்தலும் களத்தில் இருந்தால் சற்றுக் கவனம் தேவை. கூட்டலில் எண்ணிக்கை மூன்றாகவோ இரண்டாகவோ வரும். முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கும் விதியில், இரண்டாவதில் மட்டும் உள்ள உறுப்பு ஒரு முறையும் மற்றவை இரண்டு முறையும் வரும். எனவே ஓர் உறுப்பு இரண்டு முறை வந்தால் வெட்டு நீங்கிவிடுகிறது என்பது உறுதி, ஆனால் வேறுபாடு உறுதியாகிவிடவில்லை. எல்லா உறுப்புகளும் இரண்டு முறையே வருகின்றன என்று கண்ட பிறகே அதை உறுதியாகக் கொள்ள வேண்டும். அப்போதும் இரண்டு விதிவிலக்குகள் உண்டு, அவை பின்னால் வருகின்றன.

ஒரு முழுக் கேள்வியை எடுத்து, விடை வரை படிப்படியாகக் காட்ட முடியுமா?

மூன்றுக்கு மூன்று கட்டங்கள் உள்ள ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். கடைசிக் கட்டம் காலியாக இருக்கிறது. ஐந்து உறுப்புகள் வருகின்றன: வெளிப்புறச் சதுரம், அதனுள் வட்டம், மேலிருந்து கீழாக ஒரு செங்குத்துக் கோடு, இடமிருந்து வலமாக ஒரு கிடைக்கோடு, ஒரு மூலையில் கரும்புள்ளி. ஒவ்வோர் உறுப்பும் எந்தக் கட்டத்தில் வந்தாலும் அதே இடத்தில், அதே அளவில்தான் வருகிறது.

முதல் வரிசை: சதுரம், செங்குத்துக் கோடு, புள்ளி | சதுரம், கிடைக்கோடு | செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, புள்ளி.

இரண்டாம் வரிசை: சதுரம், வட்டம், கிடைக்கோடு | வட்டம், செங்குத்துக் கோடு | சதுரம், கிடைக்கோடு, செங்குத்துக் கோடு.

மூன்றாம் வரிசை: வட்டம், செங்குத்துக் கோடு, கிடைக்கோடு, புள்ளி | சதுரம், வட்டம், செங்குத்துக் கோடு, கிடைக்கோடு | ?

முதல் வரிசையில் சதுரம் முதல் இரண்டு படங்களிலும் இருக்கிறது, மூன்றாவதில் இல்லை. இந்த ஒரே செய்தி கூட்டலையும் வெட்டையும் சேர்த்து நீக்கிவிடுகிறது. அடுத்து, கிடைக்கோடு இரண்டாவதில் மட்டும் இருந்தும் மூன்றாவதில் நிற்கிறது. ஆகவே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிப்பது என்ற விதியும் பொருந்தவில்லை. செங்குத்துக் கோடும் புள்ளியும் முதலாவதில் மட்டும் இருந்து மூன்றாவதில் நிற்கின்றன. எஞ்சியிருப்பது வேறுபாட்டு விதி மட்டுமே. இரண்டாம் வரிசையில் வட்டம் மறைவதும், மற்ற மூன்றும் நிற்பதும் இதை உறுதிசெய்கின்றன.

இப்போது மூன்றாம் வரிசைக்கு வருவோம். வட்டமும் இரண்டு கோடுகளும் இரண்டு படங்களிலும் இருப்பதால் மறைய வேண்டும். புள்ளி முதலாவதில் மட்டும், சதுரம் இரண்டாவதில் மட்டும் இருப்பதால் அவை நிற்க வேண்டும். விடை: சதுரமும் அதன் மூலையில் புள்ளியும்.

விடைத் தெரிவுகள் ஆறு என்று கொள்வோம்: (1) புள்ளி மட்டும், (2) சதுரம் மட்டும், (3) வட்டமும் இரண்டு கோடுகளும், (4) ஐந்து உறுப்புகளும், (5) சதுரமும் புள்ளியும், (6) சதுரம், புள்ளி, வட்டம். இந்தத் தெரிவுகள் காரணமின்றி அமைந்தவை அல்ல. மூன்றாவது தெரிவு வெட்டு விதியைப் பிடித்தவருக்கு, நான்காவது கூட்டியவருக்கு, முதலாவதும் இரண்டாவதும் ஏதோ ஒரு திசையில் கழித்தவருக்கு. ஆறாவது, விதியைச் சரியாகப் பிடித்தும் ஓர் உறுப்பை நீக்க மறந்தவருக்கு. எனவே, நாம் வரைந்து முடித்த படம் தெரிவுகளில் ஒன்றோடு ஒத்துப்போகிறது என்பதே விதி சரி என்பதற்குச் சான்றாகாது.

நேரம் குறைவாக இருந்தால் முழு விடையை மனத்தில் வரையவே தேவையில்லை. கடைசி வரிசையில் வட்டம் மறைய வேண்டும் என்று மட்டும் தெரிந்தவுடன் மூன்று, நான்கு, ஆறு ஆகிய தெரிவுகள் போய்விடுகின்றன. சதுரம் நிற்க வேண்டும் என்பதால் முதலாவது போகிறது. புள்ளி நிற்க வேண்டும் என்பதால் இரண்டாவதும் போகிறது. தெரிவுகளை ஏறத்தாழப் பாதியாகப் பிரிக்கும் உறுப்பை முதலில் எடுப்பதே இதில் உள்ள சூட்சுமம்.

முதல் வரிசைக்கு இரண்டு விதிகள் பொருந்துவதுபோல் தெரிந்தால் எதை நம்புவது?

அந்த வரிசையில் ஏதோ ஒரு நிலைக்கு எடுத்துக்காட்டு இல்லை என்பதே இதன் பொருள். மேலே உள்ள கேள்வியின் நடு நெடுவரிசையைப் பாருங்கள்: மேலே சதுரமும் கிடைக்கோடும், நடுவில் வட்டமும் செங்குத்துக் கோடும், கீழே நான்கும் சேர்ந்து. அதை மட்டும் பார்ப்பவர் இது கூட்டல் கேள்வி என்றே சொல்வார். சொல்வதில் தவறும் இல்லை, ஏனெனில் அங்கே மேல் இரண்டு படங்களுக்கும் பொதுவான உறுப்பு எதுவும் இல்லை. பொதுவான உறுப்பு இல்லாத இடத்தில் கூட்டலும் வேறுபாடும் ஒரே விடையையே தரும்.

இதேபோல், இரண்டாவது படத்தின் உறுப்புகள் அனைத்தும் முதலாவதிலும் இருந்தால் கழித்தலும் வேறுபாடும் ஒன்றாகிவிடும். முன்னர் சொன்ன விதிவிலக்குகள் இவை இரண்டும்தான்: முதல் நிலைமையில் கூட்டல் விதியிலும், இரண்டாவதில் கழித்தல் விதியிலும் எல்லா உறுப்புகளும் இரண்டு முறையே வரும். இப்படிப்பட்ட வரிசையில் விதியை முடிவுசெய்யாமல், இரண்டு விதிகளையும் கையில் வைத்துக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போக வேண்டும். எந்த நிலைக்கு எடுத்துக்காட்டு கிடைக்கவில்லையோ அதை மட்டும் அங்கே தேடினால் போதும். எல்லா வரிசைகளிலும், கடைசி வரிசை உட்பட, அந்த நிலை வரவே இல்லையென்றால் கவலைப்படத் தேவையில்லை: இரண்டு விதிகளும் ஒரே விடையைத்தான் தரும்.

எல்லாக் கட்டங்களிலும் உருவங்களைச் சுற்றி ஒரே சட்டம் இருக்கிறது. அதனால் பொதுமை விதி என்று முடிவுசெய்யலாமா?

கூடாது. கட்டம் தோறும் மாறாமல் வரும் சதுரமோ வட்டமோ பெரும்பாலும் உள்ளிருக்கும் உறுப்புகளைத் தாங்கும் சட்டம் மட்டுமே. அது விதிக்கு உட்பட்டதன்று. உள்ளே வேறுபாட்டு விதி இயங்கிக்கொண்டிருக்கும்போது சட்டம் மட்டும் மூன்றாவதிலும் நிற்பதைப் பார்த்து, இரண்டிலும் இருப்பது நிற்கிறது என்று எடுத்துக்கொள்வது இவ்வகைக் கேள்விகளில் மிக எளிதில் நேரும் பிழை. எனவே கொடுக்கப்பட்ட எட்டுக் கட்டங்களிலும் இருப்பது எதுவோ அதை முதலில் ஒதுக்கிவிட்டு, மாறுகின்ற உறுப்புகளை மட்டும் எண்ணுங்கள். விடையில் அந்தச் சட்டம் இருக்கும் என்பது வேறு செய்தி.

சில கடினமான கேள்விகளில் வெளிப்புற உறுப்புகளுக்கு ஒரு விதியும் உள் உறுப்புகளுக்கு இன்னொரு விதியும் இருக்கும். ஒரு வரிசையில் சில உறுப்புகள் இரண்டு முறையும் வேறு சில மூன்று முறையோ ஒரு முறையோ வருவதைக் கண்டால், கூட்டலும் கழித்தலும் பொருந்தாதபோது, இப்படி இரண்டு அடுக்குகள் உள்ளனவா என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு படத்தில் முழுக்கோடும் இன்னொன்றில் அரைக்கோடும் இருந்தால் அவை பொதுவானவையா, வேறுபட்டவையா?

எதை ஓர் உறுப்பாகக் கொள்வது என்பதைக் கேள்வியே சொல்லும். நாம் முன்கூட்டித் தீர்மானிக்கக் கூடாது. முதலாவதில் முழுச் செங்குத்துக் கோடும், இரண்டாவதில் மேல் அரைக்கோடும், மூன்றாவதில் கீழ் அரைக்கோடும் இருந்தால், அங்கே உறுப்பு என்பது அரைக்கோடு. மேல்பாதி இரண்டிலும் இருந்ததால் மறைந்தது, கீழ்பாதி ஒன்றில் மட்டும் இருந்ததால் நின்றது. இத்தகைய கேள்விகளில் கோடுகளைச் சந்திப்புகளில் வெட்டி, துண்டு துண்டாகக் கணக்கிடுவதே பாதுகாப்பானது. சிலுவையாகக் குறுக்கிடும் இரண்டு கோடுகளின் நடுப்புள்ளியைப் பொதுவானது என்று கொண்டு அங்கே ஓர் ஓட்டையைத் தேட வேண்டியதில்லை.

இடமும் உறுப்பின் ஒரு பகுதி. மேல் இடது மூலையில் உள்ள புள்ளியும் கீழ் வலது மூலையில் உள்ள புள்ளியும் உருவத்தில் ஒன்றானாலும், ஒன்றன்மேல் ஒன்று வைக்கும்போது பொருந்தாது; அவை இரண்டு உறுப்புகள். அளவு மாறினாலும் அப்படியே.

கறுப்பு வெள்ளைக் கட்டங்களாக இருந்தால் விதி மாறுமா?

அடிப்படை மாறாது, ஆனால் நான்காவது நிலை ஒன்று சேர்ந்துகொள்கிறது. கோடும் வட்டமும் உள்ள படங்களில், இரண்டிலும் இல்லாத உறுப்பு மூன்றாவதில் திடீரென்று தோன்ற முடியாது. சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்ட படத்திலோ, இரண்டிலும் வெள்ளையாக இருக்கும் கட்டம் மூன்றாவதில் கறுப்பாக மாறலாம். ஏனெனில் அந்தக் கட்டம் எப்போதும் அங்கே இருந்துகொண்டுதான் இருக்கிறது.

இரண்டுக்கு இரண்டு கட்டங்கள் உள்ள ஒரு படத்தில் மேல் இரண்டும் கறுப்பு என்று கொள்வோம். இரண்டாவது படத்தில் இடப்பக்க இரண்டும் கறுப்பு. வேறுபாட்டு விதிப்படி மூன்றாவதில் மேல் வலமும் கீழ் இடமும் கறுப்பாகும். மூன்றாவதில் மேல் இடமும் கீழ் வலமும் கறுப்பாக இருந்தால், அங்கே இயங்குவது அதன் தலைகீழ் விதி: நிறம் ஒத்திருந்தால் கறுப்பு, மாறியிருந்தால் வெள்ளை. வெட்டு விதியாக இருந்திருந்தால் மேல் இடம் மட்டுமே கறுப்பாக இருந்திருக்கும். இந்தத் தலைகீழ் விதியில் கறுப்பு ஒவ்வோர் இடத்திலும் மூன்று முறையோ ஒரு முறையோ வருவதால், எண்ணிப் பார்ப்பவருக்கு அது வெட்டு விதிபோலவே தோன்றும். இரண்டிலும் வெள்ளையாக உள்ள இடத்தை மூன்றாவதில் பார்ப்பதுதான் இரண்டையும் பிரிக்கும் ஒரே வழி.

ஓர் உருவத்தின் எல்லைக்கோடு இரண்டு படங்களிலும் இருந்து, நிழல் மட்டும் ஒன்றில் இருந்தால், எல்லைக்கோட்டையும் நிழலையும் தனித்தனி உறுப்புகளாகப் பின்தொடருங்கள்.

கேள்விக்குறி மூன்றாவது கட்டத்தில் இல்லாமல் முதல் கட்டத்தில் இருந்தால் என்ன செய்வது?

வேறுபாட்டு விதியில் இது சிக்கலே இல்லை. மூன்று படங்களில் எந்த இரண்டை எடுத்து வேறுபாடு கண்டாலும் மூன்றாவது கிடைக்கும். மேலே கண்ட முதல் வரிசையில் இரண்டாவதையும் மூன்றாவதையும் ஒப்பிட்டால், பொதுவான கிடைக்கோடு மறைந்து சதுரம், செங்குத்துக் கோடு, புள்ளி ஆகியவை எஞ்சுகின்றன. முதல் படம் அதுவேதான்.

வெட்டு விதி இப்படித் திரும்பாது. இரண்டாவதில் வட்டமும் கோடும், மூன்றாவதில் வட்டம் மட்டும் இருந்தால், முதலாவதில் வட்டம் இருக்க வேண்டும், கோடு இருக்கக் கூடாது என்பது வரை சொல்லலாம். இரண்டிலும் இல்லாத புள்ளி முதலாவதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். அந்த வரிசையிலிருந்து அதை அறிய இயலாது. எனவே கட்டாயம் இருக்க வேண்டியவற்றையும் கட்டாயம் இருக்கக் கூடாதவற்றையும் கொண்டு தெரிவுகளை நீக்கிவிட்டு, எஞ்சியதை நெடுவரிசை வழியாகத் தீர்க்க வேண்டும்.

கிடைவரிசையில் கண்ட விடையை நெடுவரிசையிலும் சரிபார்க்கலாமா?

வேறுபாடு, வெட்டு, கூட்டல் ஆகிய மூன்றிலும் சரிபார்க்கலாம், சரிபார்க்கவும் வேண்டும். ஒன்பது கட்டங்களும் இரு திசைகளிலும் ஒரே விதியால் நிரப்பப்பட்டிருந்தால், கடைசிக் கட்டத்துக்கு எந்தத் திசையிலிருந்து வந்தாலும் ஒரே படம்தான் கிடைக்கும். எடுத்துக்காட்டின் மூன்றாம் நெடுவரிசையில் செங்குத்துக் கோடும் கிடைக்கோடும் இரண்டு படங்களுக்கும் பொதுவானவை. புள்ளியும் சதுரமும் எஞ்சுகின்றன. கிடைவரிசை தந்த விடையும் அதுதான்.

கழித்தலுக்கு இந்தச் சலுகை கிடையாது. கழித்தல் விதியை இரு திசைகளிலும் ஒரே சமயத்தில் நிறைவேற்றுவது பொதுவாக இயலாது என்பதால், கேள்வியை அமைத்தவர் ஒரு திசையை மட்டுமே எண்ணியிருக்கக்கூடும். அங்கே நெடுவரிசை ஒத்துவரவில்லை என்பதற்காகச் சரியான விடையைக் கைவிட வேண்டாம்.

மூன்றாவது கட்டம் முற்றிலும் வெறுமையாக இருக்க முடியுமா?

முடியும். வேறுபாட்டு விதியில் முதல் இரண்டு படங்களும் ஒன்றேயானால் வெறுமை வரும். வெட்டு விதியில் அவற்றுக்குப் பொதுவான உறுப்பே இல்லையென்றால் வெறுமை வரும். தெரிவுகளில் வெறும் கட்டம் ஒன்று இருந்தால் அதை விளையாட்டாக எண்ணி ஒதுக்கக் கூடாது.

மற்ற வடிவக் கேள்விகளைவிட வேறுபாட்டு விதிக் கேள்விகள் ஏன் கடினமாக இருக்கின்றன?

உளவியலாளர் ஜான் ரேவன் உருவாக்கி 1938-இல் வெளிவந்த முற்போக்கு அணிக் கோவைத் தேர்வின் வழியாகவே இவ்வகைக் கேள்விகள் பலருக்கும் அறிமுகமாயின. அதன் உயர்நிலைத் தொகுப்பை ஆராய்ந்து பட்ரீசியா கார்ப்பென்டர், மார்செல் ஜஸ்ட், பீட்டர் ஷெல் ஆகியோர் 1990-இல் வெளியிட்ட ஆய்வு, கேள்விகளுக்கு அடியில் உள்ள விதிகளை ஐந்து வகையாகப் பிரித்தது. ஓர் உறுப்பு வரிசையின் ஏதேனும் இரண்டு கட்டங்களில் வந்து எஞ்சிய கட்டத்தில் இல்லாமல் போவது அவற்றுள் ஒன்று. நாம் வேறுபாட்டு விதி என்று சொல்லிவருவது அதுதான். அவர்கள் எழுதிய இரண்டு கணினி நிரல்களுள் எளிமையான ஃபேர்ரேவன் இந்த விதியைக் கண்டறிய இயலாமல் நின்றது. மேம்பட்ட பெட்டர்ரேவன் கண்டறிந்தது.

உருவத்தோடு உருவத்தைப் பொருத்துவது எளிது. ஓர் உருவத்தை இன்மையோடு பொருத்துவது, அதாவது இங்கே எதுவும் இல்லை என்பதையே ஒரு செய்தியாக எடுத்துக்கொள்வது, கடினம். பொதுமை விதியில் கண் தேடுவது எஞ்சி நிற்பதை. வேறுபாட்டு விதியில் அது காணாமற்போனதைத் தேட வேண்டியிருக்கிறது. எண்ணும் முறை இங்கே கைகொடுப்பதற்கும் இதுவே காரணம் என்பது என் கருத்து: இரண்டு என்ற எண், இல்லாத மூன்றாவதைப் பற்றியும் சேர்த்தே சொல்லிவிடுகிறது.

பயிற்சிக்கு இப்படிப்பட்ட கேள்விகளை நாமே அமைக்க முடியுமா?

மேல் இடப்பக்கத்து நான்கு கட்டங்களை மட்டும் நம் விருப்பப்படி நிரப்பினால் போதும். தேர்ந்தெடுத்த விதியைக் கொண்டு மற்ற ஐந்தும் தாமே கிடைக்கும். நான்கு அல்லது ஐந்து உறுப்புகளுக்கு மேல் வேண்டாம். முதல் கிடைவரிசையில் இரண்டிலும் இருப்பது, முதலாவதில் மட்டும் இருப்பது, இரண்டாவதில் மட்டும் இருப்பது ஆகிய மூன்று நிலைகளும் தலா ஒரு முறையாவது வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையெனில் கேள்விக்கு இரண்டு சரியான விடைகள் அமைந்துவிடலாம். வெட்டு விதிக்கு அமைக்கும்போது கட்டங்களைச் சற்று நிறைவாகவே வரைய வேண்டும். ஒவ்வொரு படியிலும் உறுப்புகள் குறைந்துகொண்டே போவதால், கடைசிக் கட்டத்தில் எதுவுமே எஞ்சாமல் போவது வழக்கம். தவறான தெரிவுகளை அமைக்க, அதே கடைசி வரிசைக்கு மற்ற விதிகள் தரும் விடைகளை அப்படியே வரைந்து வையுங்கள்.